சுவரின் நடுப்புள்ளி: ஆறு ஆண்டுகள் குவாரிடார் ஆடியபின்

தேவகோட்டையில் இருக்கும் என் சிற்றப்பா மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, குவாரிடார் என்ற பலகை ஆட்டத்தை வாங்கலாமா என்று கேட்டான். அன்று காலையில்தான் காரைக்குடித் தச்சர், தொலைந்துபோன இரண்டு சுவர்க்கட்டைகளுக்குப் பதிலாகத் தேக்கில் புதியவை இழைத்துக் கொடுத்திருந்தார். முந்தைய நாள் மாலை நான் அம்மானிடம் தோற்றிருந்தேன். இந்த இரண்டும் என் பதிலில் கலந்திருக்கும்.

மிர்கோ மார்கேசி வடிவமைத்து 1997இல் வெளிவந்த ஆட்டம் இது. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், ஆளுக்கு ஒரு காய், பத்துச் சுவர்கள். ஒவ்வொரு முறையும் ஓர் அடி நகரலாம் அல்லது ஒரு சுவர் வைக்கலாம். எதிர்ப்பக்கக் கடைசி வரிசையைக் காய் முதலில் அடைந்தால் வெற்றி; அங்கே போக எதிராளிக்கு ஒரு வழியாவது மிச்சம் இருக்க வேண்டும். இதற்குமேல் விதியை விளக்கப் போவதில்லை.

ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அமர்ந்து ஆடிவரும் எனக்கு இன்றுவரை தீராத எரிச்சல் ஒன்று உண்டு. சுவர் இரண்டு கட்ட நீளம் உடையது. அதன் நடுப்பகுதி நான்கு கட்டங்கள் கூடும் சந்தியின்மேல் சரியாக அமர வேண்டும். ஆனால் எங்கள் பலகையில் காடிகள் விளிம்பிலிருந்து விளிம்புவரை தடையின்றி ஓடுகின்றன. நடு எங்கே என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. கை பட்டால் சுவர் அரைக்கட்டம் நழுவுகிறது. அது எந்த இரண்டு கட்டங்களை அடைத்து நின்றது என்று ஆட்டத்தின் நடுவில் வாக்குவாதம் எழுகிறது. இதைச் சிறு குறையாக நினைப்பவர்கள் இன்னும் ஆட்டத்துக்குள் போகவில்லை என்றே சொல்வேன். பலகையில் இருக்கும் சந்திகள் 64. ஒரு சந்தியில் கிடையாகவோ நெடுக்காகவோ ஒரு சுவர்தான் நிற்க முடியும். ஆட்டத்தின் மிக நுட்பமான போர் இந்த விதியில்தான் நடக்கிறது; பலகையோ அந்தச் சந்திகளை மறைத்து வைத்திருக்கிறது.

புதிதாக ஆடுபவர் எதிராளியின் காய்க்கு நேர்முன்னே சுவர் வைப்பார். காய் பக்கவாட்டில் ஓர் அடி விலகிச் சுவரைத் தாண்டிவிடும். அதாவது எதிராளியின் வழி ஓர் அடி நீண்டது. அதே முறையில் தன் காயை நகர்த்தியிருந்தால் தன் வழி ஓர் அடி குறைந்திருக்கும். இரண்டின் பலனும் ஒன்றே, ஆனால் சுவர் வைத்தவர் கையிலிருந்த பத்தில் ஒன்றை இழந்துவிட்டார். ஆகவே எதிராளியின் வழியை இரண்டடிக்கு மேல் நீட்டாத சுவரை நான் பொதுவாக எடுப்பதில்லை. அந்த நீட்டத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: அவரது குறுகிய வழியை நாம் எவ்வளவு கெடுத்தாலும், அவர் இரண்டாவது குறுகிய வழிக்கு மாறிக்கொள்வார். எனவே எண்ண வேண்டியவை இருவரின் வழிகள் மட்டுமல்ல, இருவரின் மாற்று வழிகளும்தான்.

நான் தோற்ற ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். நெடுவரிசைகளை என் இடப்பக்கத்திலிருந்தும், கிடைவரிசைகளை என் பக்கத்திலிருந்தும் எண்ணுவோம். ஐந்தாம், ஆறாம் கிடைவரிசைகளுக்கு இடையே மூன்று சுவர்கள் வரிசையாக நின்று, 3 முதல் 8 வரையிலான நெடுவரிசைகளை அடைத்திருந்தன. இடப்பக்கம் 1, 2 ஆகியவையும் வலப்பக்கம் 9உம் திறந்திருந்தன. என் காய் மூன்றாம் நெடுவரிசை, நான்காம் கிடைவரிசையில். ஒன்பதாம் வரிசையை அடைய இடப்பக்கத் திறப்பு வழியாக 6 அடி. அம்மானின் காய் ஏழாம் நெடுவரிசை, ஆறாம் கிடைவரிசையில். முதல் வரிசையை அடைய வலப்பக்கத் திறப்பு வழியாக 7 அடி, இடப்பக்கமாகச் சுற்றினால் 10. முறை என்னுடையது. ஓர் அடி முன்னிலையில் இருக்கிறோம் என்ற மகிழ்ச்சியில் இடப்பக்கம் ஓர் அடி வைத்தேன்; என் வழி ஐந்தானது.

அம்மான் 1, 2 ஆகிய நெடுவரிசைகளை ஒரே கிடைச்சுவரால் மூடினார். நான் இனி வலக்கோடிவரை போய்த் திரும்ப வேண்டும். ஐந்தாக இருந்த வழி 12 ஆயிற்று. அவருடைய 7 அப்படியே இருந்தது. பதறிப்போய் 8, 9 ஆகிய நெடுவரிசைகளுக்கு இடையே, ஆறாம் ஏழாம் கிடைவரிசைகளை ஒட்டி நெடுஞ்சுவர் வைத்து அவர் வழியை 11 ஆக்கினேன். பயனில்லை. அவர் 11, நான் 12, முறையும் அவருடையது.

“என் வழி ஏழு, உன் வழி ஆறு. அதோட எண்ணுறதை நிறுத்திட்டியேப்பா” என்றார் அம்மான்.

அந்த நெடுஞ்சுவரை முதலிலேயே வைத்திருக்கலாமே என்று அன்றிரவு நினைத்தேன். அப்போது அவர் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டியிருப்பதால் அவரது வழி பத்தாகும், எனக்கு ஆறு. பார்வைக்கு அழகான நிலை. ஆனால் அடுத்து அவர் அதே இடப்பக்கத் திறப்பை மூடினால் எனக்கும் 11, அவருக்கும் 11. நான்கடி முன்னிலை ஒரே சுவரில் கரைந்துவிடும்; முறை என்னுடையது என்பது மட்டுமே மிஞ்சும்.

சரியான நகர்வு எதிராளியை அடைக்காத ஒரு சுவர். 1, 2 ஆகிய நெடுவரிசைகளுக்கு இடையே, ஐந்தாம் ஆறாம் கிடைவரிசைகளை ஒட்டி ஒரு நெடுஞ்சுவர். அது யார் வழியையும் நீட்டாது. ஆனால் அதன் நடுப்புள்ளி, அம்மானின் கிடைச்சுவர் அமர வேண்டிய அதே சந்தியில் அமர்ந்துவிடுகிறது. அங்கே இனி குறுக்கே சுவர் வைக்க முடியாது. ஒரு சந்தி தள்ளி வைக்கலாமென்றால், மூன்றாம் நெடுவரிசையில் ஏற்கெனவே நிற்கும் சுவர் இடம் தராது. வைத்த சுவரை யாரும் எடுக்க முடியாது என்பதால், அந்த இரண்டு திறப்புகளும் ஆட்டம் முடியும்வரை திறந்தே இருக்கும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்: 2, 3 ஆகியவற்றுக்கு இடையே, நான்காம் ஐந்தாம் வரிசைகளை ஒட்டி அவர் நெடுஞ்சுவர் வைத்தால் என் வழி எட்டாகும். ஆனாலும் இரண்டடிதான் நீளும், ஏழடி நீளாது; வலப்பக்கத் திறப்பைக் கெடுக்கும் சுவர் என் கையில் இன்னும் மிச்சமிருக்கும்.

முழுக்க முழுக்கச் சந்தியை நம்பி நிற்கும் இந்த நகர்வைப் பலகையில் காண முடியவில்லை என்பதுதான் என் கோபம். மறுநாள் பென்சிலால் எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகள் வைத்தேன். நடுவாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் இருந்தது. அதன்பின் சுவர் நழுவினாலும் வாக்குவாதம் இல்லை. எந்தப் புள்ளி காலி, எந்தப் புள்ளியைப் பிடித்தால் எந்தத் திறப்பு நிலைக்கும் என்று கண்ணே சொல்லிவிடுகிறது. தச்சர் இழைத்த கட்டைகளும் காடியில் இறுக்கமாக நிற்கின்றன.

நான் ஆடிய பலகை ஆட்டங்களில் இத்தனை குறைந்த விதியில் இத்தனை ஆழம் உள்ள இன்னொன்று இல்லை. இருந்தும் தம்பியிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். விடுமுறைக்கு வரும் பங்காளிகள் நால்வராக உட்கார்ந்து ஆட அவன் கேட்கிறான். நால்வர் ஆடினால் ஆளுக்கு ஐந்து சுவர்தான். நான் பாடுபட்டு எண்ணிவைத்த வழியை, என்னைத் தடுக்கும் எண்ணமே இல்லாத மூன்றாமவரின் சுவர் கெடுத்துவிடும். இருவராக ஆடுவதென்றால் என் பதில் மாறும். அவன் என்றைக்காவது தனியாக இங்கே வந்தால், புள்ளி வைத்த பலகையை வளவில் விரித்து வைக்கிறேன்.