3,528 ரூபாய், 24 அட்டை, ஒரே கியூஆர் கோடு

இன்னும் கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன். திருச்சியில் எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு மருந்துக்கடையில் 3,528 ரூபாய் கொடுத்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆறு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை வாங்கினேன். அது போலி. கடை பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடக்கிறது. பெரிய செயின் கடை இல்லை, தெருமுனையில் தனியாக நடத்துகிற சாதாரணக் கடை என்று மட்டும் சொல்கிறேன்.

இருவருக்கும் ஒரே மருந்துதான். டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த மாத்திரை, டாக்டர்கள் நிறைய எழுதிக்கொடுக்கிற ஒரு பிராண்ட். பதினைந்து மாத்திரை உள்ள அட்டை 210 ரூபாய். 24 அட்டை என்றால் 5,040 ஆகிறது. "மொத்தமா எடுங்க தம்பி, முப்பது பர்சன்ட் குறைச்சுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். எனக்கும் லேசாக உறுத்தியது. "அண்ணே, இது ஒரிஜினல்தானே?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே ரப்பர் பேண்ட் போட்ட கட்டில் மேலே இருந்த அட்டையை எடுத்து, அதில் இருந்த கியூஆர் கோடைத் தன் போனில் ஸ்கேன் செய்து என்னிடம் காட்டினார். மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் திரையில் வந்தன. அட்டையில் அச்சடித்திருந்த எண்ணோடு நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. "இப்ப நம்புறீங்களா தம்பி?" என்றார். நம்பினேன். 3,528 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அம்லோடிபின் உடம்பில் மெதுவாகக் குறைகிற மருந்து. பாதி அளவு குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். பழைய நல்ல மாத்திரையின் பலன் சில நாள் கூடவே இருந்து காப்பாற்றிவிடும், அதனால் மறுநாளே ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். பதினெட்டாவது நாள் அப்பா காலையில் எழுந்ததும் தலை பாரமாக இருக்கிறது என்றார். வீட்டு மெஷினில் பார்த்தால் 172/102. வழக்கமாக அவருக்கு 130-க்கும் 140-க்கும் நடுவில் இருக்கும். அம்மாவுக்கு 160 காட்டியது. டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே "மாத்திரை மாத்தினீங்களா?" என்பதுதான். இல்லை, அதே பிராண்ட்தான் என்றேன். உப்பு கூடிவிட்டதா, வலி மாத்திரை ஏதும் போட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒண்ணாவா ஏறும்? அட்டையை எடுத்துட்டு வாங்க" என்றார்.

அன்று இரவு பழைய அட்டையில் மிச்சமிருந்த ஒரு மாத்திரையையும் புதிய அட்டையில் இருந்து ஒன்றையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த மாத்திரை இரண்டு அடுக்காக இருக்கும். டெல்மிசார்டானைக் கரைய வைக்கக் காரத்தன்மை உள்ள பொருள்கள் சேர்க்கிறார்கள், அந்தக் காரம் அம்லோடிபினுக்கு ஆகாது. அதனால் இரண்டையும் தனித்தனி அடுக்காக அழுத்துகிறார்கள். பழையதில் அந்த இரண்டு நிறமும் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் பிரிந்திருந்தன. புதியதில் ஒரு பக்கம் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் வழிந்திருந்தது, ஓரம் உதிர்ந்திருந்தது, அட்டைக் குழிக்குள் மாவு படிந்திருந்தது. ஈரம் பட்டால் டெல்மிசார்டான் கெட்டுப்போகும், அதனால்தான் போடும் நேரத்தில் மட்டும் அட்டையிலிருந்து பிரிக்கச் சொல்கிறார்கள். குழிக்குள்ளேயே மாவு இருக்கிறது என்றால் ஒன்று மாத்திரையைச் சரியாக அழுத்தவில்லை, அல்லது அட்டை சரியாக ஒட்டவில்லை.

அப்புறம்தான் வயிறு எரிந்தது. உட்கார்ந்து 24 அட்டையையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். பத்து அட்டையில் ஒரு பேட்ச் எண், பதினான்கு அட்டையில் வேறொரு பேட்ச் எண் அச்சாகியிருந்தது. ஆனால் ஸ்கேன் செய்தால் 24-இலும் அந்தப் பத்து அட்டையின் எண்தான் வருகிறது. ஏதோ ஒரு அசல் அட்டையின் கோடை எடுத்து அப்படியே எல்லாவற்றிலும் போட்டிருக்கிறார்கள். கடையில் எனக்கு ஸ்கேன் செய்து காட்டியது அந்தப் பத்தில் ஒன்று.

மத்திய அரசு 2022-இல் விதியைத் திருத்தி, அதிகம் விற்கிற 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தக் கோடைக் கட்டாயமாக்கியது. மருந்தின் பெயர், தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி, உரிம எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோடு வேலை செய்கிறது என்பது மட்டும் சாட்சி ஆகாது. திரையில் வருகிற பேட்ச் எண்ணும் காலாவதியும், கையில் இருக்கிற அதே அட்டையில் அச்சான எண்ணும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அட்டைக்கும் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன். முதலில் "ஸ்டாக்கிஸ்ட் கொடுத்ததைத்தான் நான் கொடுத்தேன், அவர்கிட்ட கேளுங்க" என்றார். யார் அந்த ஸ்டாக்கிஸ்ட் என்றால் பதில் இல்லை. மாலை வாருங்கள் என்றார். மாலை போனால் பையன் மட்டும் இருந்தான். மூன்றாம் நாள் போனபோது, "இது ஒண்ணும் போலி இல்ல, கம்பெனியோட ஜெனரிக் சரக்கு. ஜெனரிக்னா இருபது பர்சன்ட் பவர் கம்மியாத்தான் இருக்கும், கவர்ன்மென்டே ஒத்துக்கிட்டது" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன் கையில் இருந்த மக்கள் மருந்தக அட்டையைப் பயத்தோடு பார்த்தார். 3,528 ரூபாய் போனதைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த இருபது சதவீதக் கதை பொய். ஜெனரிக் என்பது பிராண்ட் பெயர் இல்லாமல் மலிவாக விற்கிற அதே மருந்துதான். ஜெனரிக் மாத்திரைக்குள் மருந்தின் அளவு இருபது சதவீதம் குறையலாம் என்று எந்த விதியும் இல்லை. உள்ளே இருக்கும் மருந்தின் அளவுக்குத் தனி வரம்பு இருக்கிறது, பெரும்பாலான மாத்திரைகளுக்கு எழுதியதில் 90 முதல் 110 சதவீதம். பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் அதே வரம்புதான். 80, 125 என்கிற எண்கள் வருவது வேறு சோதனையில். ஆரோக்கியமான ஆட்கள் சிலருக்கு, முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் அசல் மாத்திரையை ஒரு முறையும் ஜெனரிக்கை ஒரு முறையும் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, ரத்தத்தில் மருந்து உச்சத்தில் எவ்வளவு ஏறியது, மொத்தமாக எவ்வளவு சேர்ந்தது என்று இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் சராசரி மட்டும் போதாது. சராசரிக்கு இரு பக்கமும் ஒரு நிச்சயமின்மை எல்லை போட்டு, அந்த எல்லை முழுவதும் 80-க்கும் 125-க்கும் உள்ளே அடங்க வேண்டும் என்பதுதான் விதி. நிஜமாகவே இருபது சதவீதம் குறைவான மாத்திரை என்றால் எல்லையின் ஒரு கை 80-க்கு வெளியே போய்விடும், தேறாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1996 முதல் 2007 வரை தன்னிடம் வந்த 2,070 சோதனைகளை எடுத்துப் பார்த்தபோது, ஜெனரிக்குக்கும் அசலுக்கும் மொத்தச் சேர்மானத்தில் சராசரி வித்தியாசம் மூன்றரை சதவீதம் அளவில்தான் இருந்தது.

நம் நாட்டில் ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மருந்துகளுக்கு இந்த ரத்தச் சோதனை இல்லாமலே மாநில உரிமம் கிடைத்துவந்தது. 2017 ஏப்ரலில்தான் தண்ணீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். டெல்மிசார்டான் அந்த வகைதான். வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற வார்ஃபரின் போன்றவற்றில் சிறு வித்தியாசமும் உறைக்கும், அவற்றை டாக்டரிடம் கேட்காமல் கம்பெனி மாற்றக் கூடாது. ஆனால் இதெல்லாம் உரிமம் வாங்கித் தயாரித்த மாத்திரைகளைப் பற்றிய பேச்சு. எனக்கு விற்றது யார் எங்கே செய்தார்கள் என்றே தெரியாத பொருள். அதை ஜெனரிக் என்று சொல்வது ஜெனரிக் சாப்பிடுகிற ஏழைகளைப் பயமுறுத்துவது. இன்னொன்று, கள்ளச்சரக்கு செய்கிறவன் நன்றாக ஓடுகிற பிராண்டையும் விடமாட்டான். 

கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தேன். படம் அனுப்பச் சொன்னார்கள், நான்கு நாள் சத்தமில்லை. திரும்பத் திரும்ப எழுதிய பிறகு, பதினான்கு அட்டையில் உள்ள பேட்ச் எண்ணில் நாங்கள் மருந்தே தயாரிக்கவில்லை என்று ஒரு வரி பதில். பணம் பற்றிக் கேட்டால் விற்ற கடையை அணுகவும் என்கிறார்கள். கடையோ ஸ்டாக்கிஸ்ட் என்கிறது. மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் முதல் கேள்வி பில் எங்கே என்பது. என்னிடம் இருப்பது 3,528 என்று எழுதிய துண்டுச் சீட்டு.

அப்பாவுக்கு அன்றே வேறு கடையில் பில்லோடு வாங்கிக் கொடுத்தோம். பத்து நாளில் 138/86-க்கு வந்துவிட்டது.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரமாகச் சிலது. டாக்டர் எழுதுகிற பிராண்டில் சில்லறைக் கடைக்காரருக்கே லாபம் சுமார் இருபது சதவீதம்தான், சின்னக் கடை முப்பது தருகிறது என்றால் எங்கிருந்து தருகிறார் என்று கேளுங்கள். பேட்ச் எண் போட்ட பில் இல்லாமல் ஒரு அட்டைகூட வாங்காதீர்கள். முடியும் அட்டையில் ஒரு மாத்திரையை மிச்சம் வைத்துப் புதியதோடு ஒப்பிடுங்கள். தண்ணீரில் போட்டுக் கரைத்துப் பார்க்கிற வீடியோக்களை நம்பாதீர்கள், உள்ளே எவ்வளவு மருந்து என்று அது சொல்லாது, ஆய்வகம்தான் சொல்லும். சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், வேறு கடையில் வாங்கிப் போடுங்கள், பிரிக்காத அட்டைகளைத் தூக்கி எறியாமல் வையுங்கள். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு ஆய்வகத்தின் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதிக்கக் கொடுக்கலாம்.

என்னிடம் பிரிக்காத அட்டை இருபது இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். இதே மாதத்தில் இந்தப் பகுதியில் தள்ளுபடியில் பிரஷர் மாத்திரை வாங்கியவர்கள் இருந்தால், இன்றைக்கே எல்லா அட்டைகளையும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.