கொண்டை ஊசி வளைவில் எந்த டர்போ முதலில் விழிக்கும்?

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி இரண்டாம் கியரில், 1,300 ஆர்பிஎம் பக்கம் இறங்கிவிடும். அந்த வேகத்தில் சைலன்சர் பக்கம் போகும் புகை குறைவு என்பதால், அந்தப் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ள வைக்கும் டர்போவின் டர்பைன் சக்கரம் சோம்பிக் கிடக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. இதுதான் டர்போ லாக். இதைக் குறைக்க இரண்டு வழிகள்: வேரியபிள் ஜியோமெட்ரி, ட்வின் ஸ்க்ரோல்.

வேரியபிள் ஜியோமெட்ரியில் டர்பைன் சக்கரத்தைச் சுற்றிச் சின்னத் தகடுகள் இருக்கும். புகை குறைவாக வரும்போது அவை கிட்டத்தட்ட மூடி இடைவெளியைச் சுருக்கும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் பீய்ச்சுமே, அதே கதை. கொஞ்சப் புகையும் வேகமெடுத்து, சரியான கோணத்தில் சக்கரத்தை அடிக்கும். ஆர்பிஎம் ஏறினால் தகடுகள் திறந்துகொள்ளும்.

ட்வின் ஸ்க்ரோலில் அசையும் தகடே இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் 1-3-4-2 வரிசையில் வெடிக்கும். முதல் சிலிண்டர் புகையைத் தள்ளி முடிப்பதற்குள் மூன்றாவதின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்தால், மூன்றாவதின் அழுத்தம் முதல் சிலிண்டருக்குள்ளேயே திரும்பப் பாயும். அதனால் 1-ஐயும் 4-ஐயும் ஒரு வழியில், 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு வழியில் டர்பைன் வரை பிரித்தே கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு அடியும் சிதறாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் வாயின் அளவு மாறாது. மூன்று சிலிண்டர் இன்ஜினில் வெடிப்புகளுக்கு இடையே போதிய இடைவெளி இருப்பதால் இதற்குப் பெரிய வேலை இல்லை.

மலை ஏற என் ஓட்டு டீசலுக்கும் வேரியபிளுக்கும்தான். ஸ்கார்ப்பியோவின் எம்ஹாக் 2.2, இன்னோவா கிரிஸ்டா 2.4 இரண்டிலும் இதுதான். பெட்ரோலில் புகையின் சூடு 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கலாம். அதைத் தாங்கும் தகடுகளுக்கு விலை அதிகம். போர்ஷே 2006-இல் 911 டர்போவில் போட்டுக் காட்டியது, ஆனால் அது போர்ஷே. சாதாரண பெட்ரோல் காருக்கு ட்வின் ஸ்க்ரோல்தான் கட்டுப்படியாகும்.

வேரியபிளுக்கு எதிரி கரி. கோவை நகருக்குள் காந்திபுரத்துக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் நடுவிலேயே உருண்டுகொண்டிருக்கும் டீசலில், தகடுகளைத் திருப்பும் வளையத்தில் கரி படிந்து இறுகிவிடும். திறந்தபடி இறுகினால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை இருக்காது, கரும்புகை வரும். மூடியபடி இறுகினால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், எல்லை மீறி, நெடுஞ்சாலையில் வண்டி திடீரென சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் முதலாவதற்கு P0299, இரண்டாவதற்கு P0234 காட்டும். ட்வின் ஸ்க்ரோலில் இந்தத் தொல்லை கிடையாது, சூட்டில் நடுச்சுவர் விரிசல் விடலாம், அவ்வளவுதான்.

"பிக்கப்பே இல்லீங்க" என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் சிலர் டர்போவையே மாற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டியில் கம்பியால் தகடுகளைத் திருப்புவது வேக்குவம் ஆக்சுவேட்டராக இருந்தால், முதலில் அதன் டியூபில் கை பம்பை மாட்டி உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி சீராக நகர்ந்து, விட்டதும் சீராகத் திரும்பினால் தகடுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. வெடித்த வேக்குவம் டியூபையோ சோலினாய்டையோ பார்க்க வேண்டும். கம்பி பாதியில் நின்றால் டர்போவைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.