'ஜெனரல் ஷிப்ட்தான் தம்பி' என்று போனில் சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள்

கஸ்டமர் சப்போர்ட் வேலைக்காகச் சென்னை கிளம்பும் மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உச்சிப்புளிப் பையன் ஒருவன் போன டிசம்பரில் ஏமாந்த கதை இது. 'ஜெனரல் ஷிப்ட்தான் தம்பி, நைட் எப்பவாவது வரும், வாரத்துக்கு ரெண்டு நாள் லீவு' என்றார் ரிக்ரூட்டர். நாலு வாரம் ட்ரெய்னிங் பகலில்தான் நடந்தது. ஐந்தாவது வாரம் ரோஸ்டர் வந்தது: இரவு 7.30க்கு லாகின், விடிகாலை 4.30க்கு லாகவுட். போய்க் கேட்டதற்கு ஆபர் லெட்டரில் ஒரு வரியைக் காட்டினார்கள்: 'நிறுவனத்தின் தேவைக்கேற்ப எந்த ஷிப்டிலும் பணிபுரிய வேண்டும்.' கீழே அவன் கையெழுத்து.

'நைட் உண்டா?' என்று கேட்டால் எப்படியும் மழுப்பலாம். 'எந்த நாட்டு கஸ்டமர், எத்தனை மணிக்கு லாகின்?' என்று கேளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 6.30 ஆகும், நவம்பரில் மறுபடி 7.30. பிரிட்டன் என்றால் அதே 9 மணி நமக்கு மதியம் 2.30, கோடையில் 1.30. நாட்டைச் சொல்லிவிட்டால் ஷிப்டை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

'ரொட்டேஷனல்' என்றால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும், மாறும்போது நடுவில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். சனிக்கிழமை விடிகாலை 4.30க்கு முடித்தவனைத் திங்கள் காலை 6.30க்கு வரச் சொன்னால் இடையில் 50 மணி நேரம். ரோஸ்டரில் அது ரெண்டு நாள் லீவு. சனிக்கிழமை தூங்கியே போய்விடும். ராத்திரி முழித்துப் பழகிய உடம்புக்கு ஞாயிறு இரவு தூக்கமும் வராது.

வீக் ஆஃப் ரெண்டும் சேர்ந்து வருமா, பிரிந்து வருமா? இந்தக் கேள்விதான் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு முக்கியம். அந்த உச்சிப்புளிப் பையனுக்குச் செவ்வாயும் வெள்ளியும் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து ஊருக்கு ரயிலில் ஒரு ராத்திரி ஆகும். ஒற்றை நாள் லீவில் வந்து திரும்பவே முடியாது. பொங்கலுக்கும் அவன் வரவில்லை.

சம்பளத்திலும் ஒரு கேள்வி உண்டு. அவனிடம் சொன்ன 18,000க்குள் நைட் அலவன்ஸ் 3,000 அடக்கம், ஒரு நைட்டுக்கு 150 என்று 20 நைட்டுக்கு. நைட் பார்க்காத நாளுக்கு அது கிடையாது.

போனில் பேசுபவர் பெரும்பாலும் கன்சல்டன்சி ஆள். ஆள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன். ரோஸ்டர் போடுவது அவர் இல்லை. அதனால் கம்பெனி எச்.ஆருக்கே மெயில் போடுங்கள்: 'எந்த நாட்டு ப்ராசஸ், லாகின் நேரம், ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும், வீக் ஆஃப் சேர்ந்தா பிரிந்தா, சொன்ன சம்பளத்தில் நைட் அலவன்ஸ் அடக்கமா என்று தெரிவிக்கவும்.' 'ஜாயின் பண்ணதும் டீம் லீடர் சொல்வார்' என்று பதில் வந்தால் நைட்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதமில்லை என்றால் டிக்கெட் போடாதீர்கள்.