மணல்-உப்பா, ஸ்கெட்ச் பேனா மையா: ஒன்பதாம் வகுப்பு செய்முறைக்கு எந்தப் பிரிப்பு முறை?

கலவைகளைப் பிரிக்கும் பாடத்தில் வடிகட்டுதல், ஆவியாக்குதல், காய்ச்சி வடித்தல், வண்ணப்பிரிகை என்று நான்கு முறைகள் வருகின்றன. நான்கையும் நாற்பது பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க எந்தப் பள்ளியிலும் நேரம் கிடைக்காது. ஒன்றைத்தான் முழுதாகச் செய்யவிட முடியும், மற்றவற்றை நாம் செய்து காட்ட வேண்டியதுதான். எங்கள் பள்ளியில் இந்த வருஷம் இரட்டைப் பீரியடை நான் வண்ணப்பிரிகைக்குக் கொடுத்தேன். வழக்கமாக அந்த இடம் மணல்-உப்புக்குத்தான் போகும் என்பதால், சக ஆசிரியர்கள் சிலர் காரணம் கேட்டார்கள்.

எந்தக் கலவைக்கு எது என்ற கணக்கு பிள்ளைகளுக்கே தெரியும். கரையாத திண்மம் என்றால் வடிகட்டு, கரைந்த திண்மம் வேண்டுமென்றால் நீரை விரட்டு, நீரே வேண்டுமென்றால் ஆவியைப் பிடித்துக் குளிர்வி, பல சாயங்கள் ஒன்றாகக் கரைந்து கிடந்தால் வண்ணப்பிரிகை. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் பார்த்தது வேறு: பிள்ளை ஒரு தவறு செய்தால், அது எங்கே நடந்தது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்க முடிகிறதா?

மணல்-உப்பை எடுத்துக்கொள்வோம். 5 கிராம் மணல், 5 கிராம் உப்பு. பிள்ளைகள் பீக்கரை எடுத்ததும் செய்கிற முதல் வேலை, நிறையத் தண்ணீர் ஊற்றுவது. அறை வெப்பநிலையில் 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். அப்படியென்றால் 5 கிராமுக்கு 14 மில்லியே போதும், கலக்க வசதியாக 25 மில்லி வைத்துக்கொள்ளலாம். அந்த 25 மில்லியும் ஸ்பிரிட் விளக்கில் வற்ற கால் மணி நேரம் போல எடுக்கும். 100 மில்லி ஊற்றிய குழு, மணி அடித்த பிறகும் பீங்கான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

அடுத்தது கழுவுதல். வடிகட்டி முடித்த பிறகும் ஈர மணலும் வடிதாளும் சேர்ந்து ஒரு 3 மில்லி கரைசலையாவது பிடித்து வைத்திருக்கும். 25 மில்லியில் 5 கிராம் என்றால் மில்லிக்கு 0.2 கிராம், ஆக 0.6 கிராம் உப்பு மணலோடு போய்விட்டது. 5 மில்லி சுத்தமான நீரால் இரண்டு முறை கழுவினால் அந்த இழப்பு 0.1 கிராமுக்குள் வந்துவிடும். ஆனால் கழுவாத குழுவின் மணலும் கழுவிய குழுவின் மணலும் பார்வைக்கு ஒன்றுதான். நாக்கில் வைத்துப் பார்க்கவும் விடக் கூடாது.

கடைசியில் கிண்ணத்தில் வெள்ளையாக உப்பு வந்து நிற்கும். எடை 4.1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த 0.9 கிராம் எங்கே போனது? கழுவாமல் விட்டதாலா, கடைசி நிமிடத்தில் தீயைக் குறைக்காமல் உப்பு வெடித்துத் தெறித்ததாலா, வடிதாளின் விளிம்புக்கு மேல் ஊற்றியதாலா? கிண்ணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னும் மோசம், ஒரு குழு உப்பைத் தெறிக்கவிட்டு மிச்சத்தை ஈரத்தோடேயே எடை போட்டால் கணக்கு சரியாக 5 கிராம் வந்து நிற்கும். இரண்டு தவறு சேர்ந்து ஒரு சரியான விடை. மறுபடி சூடாக்கி, ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்ப எடை போட்டால் ஈரம் பிடிபடும். ஆனால் ஆய்வகத்துக்கே ஒரு மின்னணுத் தராசு என்றால் நாற்பது பேருக்கு அது நடக்கிற காரியமில்லை.

ஆவியாக்குதலைத் தனியாக வைத்தால் காப்பர் சல்பேட் கண்ணுக்கு அழகாக இருக்கும் என்று தோன்றும். அதிலும் வறட்டிக் காய்ச்சினால் படிகத்துக்குள் இருக்கும் நீரும் போய் நீலம் வெளிறி வெள்ளைப் பொடியாகிவிடும். நீலப் படிகம் வேண்டுமென்றால் கரைசல் செறிவானதும் தீயை அணைத்து, மறுநாள் வரை ஆற வைக்க வேண்டும். அது நல்ல செய்முறைதான், ஆனால் ஒரு பீரியடுக்குள் அடங்காது.

காய்ச்சி வடித்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்களைப் போன்ற பள்ளியில் லீபிக் கண்டன்சர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும். பாடத்தில் வருகிற அசிட்டோன்-நீர் கலவையை வெறும் தீயில் வைக்கவே கூடாது. அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். உப்பு நீரை வைத்துச் செய்து காட்டினால் போதும். குளிர்நீர் கண்டன்சரின் கீழ் முனையில் நுழைந்து மேல் முனையில் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் உறை முழுதாக நிரம்பாது. வெப்பமானியின் குமிழ் பக்கக் குழாயின் வாய்க்கு நேராக இருக்க வேண்டும், கொதிக்கும் திரவத்துக்குள் முங்கியிருக்கக் கூடாது. வடிந்து வந்த நீரில் சில சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் தெளிவாகவே இருக்கும், குடுவையில் மிஞ்சியதில் விட்டால் பால் போல வெளுக்கும். பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பது அந்த இடத்தில்தான். பின்னக் காய்ச்சி வடித்தலை நான் கல்லூரியில்தான் பார்த்திருக்கிறேன், பள்ளியில் செய்ததில்லை. அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இனி வண்ணப்பிரிகை. வடிதாளை வட்டமாக வாங்காமல் ஷீட்டாக வாங்கினால் 46-க்கு 57 சென்டிமீட்டர் அளவில் கிடைக்கும். அதில் 10 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம் என்று வெட்டினால் 16 துண்டு வரும். மூன்று பேருக்கு ஒன்று என்றால் ஒரு வகுப்புக்கு ஒரே ஷீட் போதும். அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு புள்ளிகள்: கறுப்பு, நீலம், மஞ்சள், ரோஸ் ஸ்கெட்ச் பேனா. தாளைக் குழாய் போலச் சுருட்டி, ஓரங்கள் ஒன்றையொன்று தொடாமல் ஸ்டேப்ளர் அடித்து, வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் 1 சென்டிமீட்டர் தண்ணீரில் நிறுத்தி மூட வேண்டும். நீர் 8 சென்டிமீட்டர் ஏற கால் மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும். தீ கிடையாது, தராசு கிடையாது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, தவறு அத்தனையும் தாளிலேயே பதிந்துவிடுவதுதான். கோட்டைப் பென்சிலுக்குப் பதில் பேனாவால் போட்டிருந்தால் கோடே கரைந்து, அதன் சாயமும் சேர்ந்து மேலே ஏறியிருக்கும். தண்ணீர் கோட்டுக்கு மேல் நின்றிருந்தால் புள்ளிகள் வெளிறி, பாட்டில் நீர் கலங்கியிருக்கும். புள்ளியைப் பெரிதாக, ஈரம் காயும் முன்பே மறுபடி மறுபடி வைத்திருந்தால் நிறங்கள் தனித்தனிப் பொட்டாக நிற்காமல் வால் பிடித்து ஒன்றோடொன்று கலந்திருக்கும். 2 மில்லிமீட்டர் புள்ளி வைத்து, காயவிட்டு, அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை தொட்டால் இந்தத் தொல்லை இல்லை. தாள் பாட்டில் சுவரைத் தொட்டிருந்தால் நீர் ஏறிய விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தாளைக் கையில் கொடுத்து “எது தப்பு?” என்று கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். மணல்-உப்பில் இதே கேள்விக்கு என்னாலேயே உறுதியாகப் பதில் சொல்ல முடியாது.

கணக்கும் எளிது. நீர் விளிம்பை, தாளை வெளியே எடுத்த உடனே பென்சிலால் குறித்துவிட வேண்டும், காய்ந்தால் தெரியாது. உதாரணத்துக்கு, கோட்டிலிருந்து நீர் 8 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. கறுப்புப் புள்ளியிலிருந்து பிரிந்த நீலப் பொட்டின் நடுப்புள்ளி 7.2, மஞ்சள் 5.6, ரோஸ் 3.6 சென்டிமீட்டரில் நிற்கிறது. 8-ஆல் வகுத்தால் 0.9, 0.7, 0.45. இவைதான் ஆர்.எஃப் மதிப்புகள். பக்கத்தில் தனியாக வைத்த நீலப் பேனாவும் 0.9-க்குப் போயிருந்தால், கறுப்பில் இருப்பது அதே சாயமாக இருக்கலாம் என்று சொல்லலாம். “இருக்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். வேறு இரண்டு சாயங்கள் ஒரே வேகத்தில் ஏறவும் கூடும். தண்ணீருக்குப் பதில் உப்பு நீரில் ஓட்டியும் இரண்டும் சேர்ந்தே போனால் சந்தேகம் குறையும். தாளும் கரைப்பானும் மாறினால் மதிப்பும் மாறும் என்பதால், பழைய வகுப்பின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரே தாளில் பக்கத்தில் ஓடியதோடுதான் ஒப்பிட வேண்டும்.

எல்லாப் பேனாவும் ஒத்துழைக்காது. பெர்மனென்ட் மார்க்கர் தண்ணீரில் அசையவே அசையாது, அதற்கு ஸ்பிரிட் வேண்டும். கறுப்பு ஜெல் பேனா பலவற்றில் கரியே நிறமியாக இருப்பதால் எதில் வைத்தாலும் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். வகுப்புக்கு முந்தின நாளே வாங்கிய பேனாக்களை ஒரு துண்டில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கடைக்குக் கடை, பாக்கெட்டுக்குப் பாக்கெட் மை மாறுகிறது.

வண்ணப்பிரிகையின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். பிரித்த பொருள் கைக்கு வருவதில்லை, தாளில் ஒட்டிய கறையாகவே நின்றுவிடுகிறது. “பிரித்தோம் என்றால் எங்கே சார் அந்த நீலம், பாட்டிலில் கொடுங்க” என்று ஒரு பையன் கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்தப் பொட்டை வெட்டித் துளி நீரில் ஊறவைத்தால் மங்கலாக நிறம் இறங்கும், அவ்வளவுதான். கலவையில் எத்தனை பொருள் இருக்கிறது, எது எது என்று கேட்பதற்கான முறை இது. உப்பைத் திரும்ப எடுத்து எடை போட வேண்டுமென்றால் வடிகட்டுதலும் ஆவியாக்குதலும்தான் வழி. செய்முறைத் தேர்வில் கேட்கப்படுவது மணல்-உப்பு என்றால், என் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போது இரட்டைப் பீரியடை அதற்கே கொடுங்கள். 25 மில்லி நீரை நீங்களே அளந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் கவனத்தைக் கழுவுதல் மேல் திருப்பலாம். கழுவாத ஒரு குழுவையும் இரண்டு முறை கழுவிய ஒரு குழுவையும் வைத்து, இரண்டின் உப்பையும் நன்றாக உலர்த்தி எடை போட்டால், அந்த அரை கிராம் எங்கே போயிருந்தது என்று ஓரளவுக்காவது தெரியும்.