நட்சத்திரமெல்லாம் ஐந்து, வெற்றுக்கட்டமெல்லாம் 'இல்லை': கணினித் தட்டச்சுக்குக் கொடுப்போர் கவனத்திற்கு

ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம், பிரதேச சபைக்குக் கொடுப்பதற்காக 40 கிணறுகளின் நிலையைப் படிவங்களில் பதிவு செய்தது. கட்டு உண்டா, மூடி உண்டா, வறட்சியில் வற்றுமா என்ற கேள்விகளுக்குச் சரி அடையாளமோ பிழை அடையாளமோ இடப்பட்டிருந்தது. நீரின் சுவைக்கு, அச்சிட்டிருந்த ஐந்து வெற்று நட்சத்திரங்களில் தகுந்த அளவு பேனாவால் நிரப்பப்பட்டிருந்தது. இவற்றை 'ஆம்', 'இல்லை', இலக்கம் என மாற்றி எக்செல் அட்டவணையாகத் தருவதாக ஏ9 வீதியோரக் கடையொன்று முற்பணம் பெற்றுக்கொண்டது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கு நடந்தது வேறு எங்கும் நடக்கக்கூடியது என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

கிடைத்த அட்டவணை பார்வைக்கு மிகச் சுத்தமாக இருந்தது, ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. சந்தேகம் பிறந்ததே அதனால்தான். வறட்சி பற்றிய கேள்வியில் காகிதத்தில் 21 சரி, 12 பிழை, 7 வெற்றுக் கட்டங்கள் இருந்தன. அந்த ஏழும், அண்மையில் குடிவந்த காரணத்தால் கிணறு வற்றுமா என்று சொல்ல முடியாத வீட்டாருடையவை. அட்டவணையில் எண்ணிப் பார்த்தபோது 18 'ஆம்', 22 'இல்லை' என்று வந்தது. ஸ்கேனை எழுத்தாக மாற்றும் மென்பொருள், பென்சிலால் மெல்லியதாக இட்ட மூன்று சரி அடையாளங்களைக் காணாமல் விட்டிருக்கிறது. வெறுமையாக வந்த கட்டங்கள் அனைத்தையும் கடையில் 'இல்லை' என்று நிரப்பியிருக்கிறார்கள். 12, 3, 7 ஆகியவற்றைக் கூட்டினால் அந்த 22 வந்துவிடும். இக்கேள்விக்கு 'இல்லை' என்றால் கிணறு வற்றாது என்று பொருள். ஆகவே, தெரியாத ஏழு கிணறுகளும் வற்றும் கிணறுகள் மூன்றும் வற்றாத கிணறுகளாகச் சபைக்குப் போயிருக்கும்.

கழிப்பறை கிணற்றுக்கு அருகில் உள்ளதா என்ற கேள்விக்கு மட்டும் 'ஆம்', 'இல்லை' என இரண்டு நிரல்கள் இருந்தன. தேர்தலில் பழகிய கைகள் அல்லவா, சிலர் 'ஆம்' நிரலிலேயே புள்ளடி இட்டிருந்தார்கள். கடைக்காரர் எல்லாப் புள்ளடியையும் ஒரேயடியாக 'இல்லை' ஆக்கியிருந்தார்.

நட்சத்திரங்களின் கதை இன்னும் மோசமானது. நிரப்பியது, நிரப்பாதது இரண்டையுமே மென்பொருள் `*` என்று வாசித்ததால், கல்சியம் படிந்து கேத்தல் வெளுக்கும் கிணற்று நீருக்கும் ஐந்து, இனிய நீருக்கும் ஐந்து என்றாகிவிட்டது. முறையிட்டபோது, "அண்ணை, ஸ்கேனில அப்பிடித்தான் வந்தது, இப்பவே மாத்தித் தாறன்" என்று சொல்லிவிட்டு, எக்செலில் Ctrl+H அழுத்தி, Find what பெட்டியில் `*` என்றும் Replace with பெட்டியில் `1` என்றும் கொடுத்து Replace All அழுத்தினார். எக்செலின் தேடலில் `*` என்பது நட்சத்திரம் அல்ல. 'எதுவாக இருந்தாலும்' என்று பொருள். எனவே வீட்டுக்காரர் பெயர், கிணற்று எண், தலைப்பு உட்பட எழுத்திருந்த கட்டங்கள் எல்லாம் `1` ஆயின. அதை அவர் அப்படியே சேமித்தும் விட்டார். உண்மையான நட்சத்திரக் குறியைத் தேட `~*` என்று கொடுக்க வேண்டும்.

நிரப்பிய நட்சத்திரமும் வெற்று நட்சத்திரமும் வேறு வேறு குறிகளாகவே கோப்பில் வந்திருந்தால், நிரப்பியதை மட்டும் எண்ண இந்தச் சூத்திரம் போதும்:

```
=LEN(F2)-LEN(SUBSTITUTE(F2,"★",""))
```

`★★☆☆☆` என்ற கட்டத்துக்கு இது 2 என்று தரும். இரண்டும் `*` ஆகிவிட்ட கோப்பில் எந்தச் சூத்திரமும் உதவாது. காகிதத்தைப் பார்த்து இலக்கத்தைக் கையால் அடிப்பதே வழி. முற்பணம் திரும்பக் கிடைக்காத நிலையில், நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சரி, பிழை, வெறுமை ஆகியவற்றின் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பின்னர் நிரலுக்கு நிரல் இவற்றோடு ஒப்பிடலாம்:

```
=COUNTIF(D2:D41,"ஆம்")
=COUNTIF(D2:D41,"இல்லை")
=COUNTBLANK(D2:D41)
```

எண்ணிக்கை பொருந்தினாலும் ஒரு வரியின் அடையாளம் அடுத்த வரிக்கு இடம் மாறியிருக்கலாம் என்பதால், இடையிடையே சில வரிகளைக் காகிதத்தோடு நேரடியாகப் பார்ப்பது அவசியம். வெற்றுக் கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். முதற்பக்கத்தை மட்டும் செய்து காட்டச் சொல்லி, அது சரியாக இருந்த பிறகே முற்பணம் கொடுங்கள்.