கிளிப் போச்சு, கூடவே பல்லும் போச்சு: இரண்டு வருடச் சந்தாவுக்குப் பிறகு

கோவில்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி நேற்று ராத்திரி போன் செய்தார். "தம்பி, நீ போட்டோவுல பல் கிளிப்பை அழிக்க ஒரு சாப்ட்வேர் வச்சிருக்கியே, அது விலை குறைஞ்சிருக்காம். போட்டுறலாமா?" ஆமாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. காரணத்தைப் போனில் விளக்கி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம். வட்டம் போட்டால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் தானாக நிரப்பும் வகை, அவ்வளவுதான். நான் பார்த்த மூன்று நான்கும் பல் விஷயத்தில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. அம்மைத் தழும்பு, சட்டைக் கறை, பின்னால் நிற்கும் பைக் எல்லாவற்றையும் அருமையாக எடுக்கும். பல்லுக்கு வந்தால் மட்டும் அதற்குத் திமிர் வந்துவிடும்.

போன வருடம் ஒரு நிச்சயதார்த்த ஆல்பம். பெண்ணுக்கு மேல்வரிசையில் கிளிப், அதில் நீல ரப்பர் வளையம். கல்யாணத்துக்குள் கிளிப்பைக் கழற்றிவிடுவார்கள், அதனால் ஆல்பம் அட்டைப் படத்திலும் இருக்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். வேலை நெருக்கடியில் வாய் முழுவதற்கும் ஒரு வட்டம் போட்டேன். பத்து விநாடியில் கிளிப் காணோம். பளிச்சென்று சிரித்தாள். அனுப்பிவிட்டேன். அரை மணியில் பெண்ணின் அம்மா கூப்பிட்டார்: "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு பல்லு?"

திறந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்தப் பெண்ணின் இடது கோரைப்பல் லேசாக முன்னால் தள்ளி இருக்கும், சின்னத் தெத்துப்பல். அது போயிருந்தது. நடு முன்பற்கள் இரண்டும் பெரிதாகவும், அதற்கு அடுத்த பல் கொஞ்சம் ஒல்லியாகக் குட்டையாகவும், கோரைப்பல் கூம்பி ஒரு சாயல் மஞ்சளாகவும் இருப்பதுதான் மனித வாய். இது எல்லாவற்றையும் ஒரே அகலத்தில், ஒரே வெள்ளையில் அடுக்கி வைத்திருந்தது. கடைவாய் ஓரத்தில் இருக்க வேண்டிய இருட்டும் இல்லை, கன்னம் வரைக்கும் பல். பல் செட் கடை ஷோகேஸ் மாதிரி.

அன்று வந்த கோபத்தில் சந்தாவை நிறுத்தியிருப்பேன். நிறுத்தாமல் போனதற்குக் காரணம், அதே படத்தைத் திரும்பச் செய்தபோது கண்ணில் பட்ட ஒரு விஷயம். கிளிப் ஒட்டியிருப்பது பல்லின் நடுவில். ஈறு ஓரமும் கீழ் நுனியும் கிளிப்புக்கு மேலும் கீழும் தெரிந்துகொண்டேதான் இருக்கின்றன. பல்லின் உருவம் படத்திலேயே பத்திரமாக இருக்கிறது, மறைந்திருப்பது நடுவிலுள்ள நிறமும் பளபளப்பும் மட்டும். அப்படியானால் வாய்க்கு ஏன் வட்டம் போட வேண்டும்? கிளிப்புக்கு மட்டும் போட்டால் போதுமே.

போட்டேன். ஒரு பல்லுக்கு ஒரு வட்டம்: கிளிப், அதன் அடியில் விழும் நிழல், அதற்கு வெளியே இரண்டு மூன்று பிக்சல். பல்லின் பக்க விளிம்பைத் தொடவே இல்லை. என்ன வேண்டும் என்று எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். "அழகான பல்" என்று எழுதினால் மறுபடி பல் செட்தான் வரும். மேலும் கீழும் தெரியும் அதே பல்லின் நிறத்தை எடுத்து, ஈறுப் பக்கம் லேசான மஞ்சளிலிருந்து நுனியின் சாம்பல் கலந்த கண்ணாடித் தன்மை வரை அவ்வளவு இதமாக இறக்கிக் கொடுத்தது. கையால் செய்தால் பல்லுக்கு ஐந்து நிமிடம் ஆகும் வேலை. உண்மையாகவே மெச்சினேன். வட்டம் சிறிதானால் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய வட்டத்தில் நிரப்புவது மங்கலாக வரும், 12x18 பிரிண்டில் வாய் மட்டும் மெழுகு போலத் தெரியும். சின்ன வட்டத்தில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆனால் கம்பி இருக்கிறதே! கிளிப்பிலிருந்து கிளிப்புக்குப் போகும் கம்பி, இரண்டு பல் சேரும் கோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அந்த இடத்தை இதனிடம் கொடுத்தால் கோட்டை அழித்து இரண்டு பல்லையும் ஒட்டிவிடும், இல்லாவிட்டால் கோட்டைக் கறுப்பாக்கிப் பல்லுக்கு நடுவில் சந்து உண்டாக்கும். இரண்டு வருடமாக, எத்தனையோ அப்டேட் வந்த பிறகும், இதில் ஒரு மாற்றமும் இல்லை. இதற்குக் கைதான். போட்டோஷாப்பில் புது லேயர், Clone Stamp, Sample: Current & Below, நான்கைந்து பிக்சல் பிரஷ். கம்பிக்குக் கீழே தெரியும் அதே கோட்டில் Alt அழுத்தி எடுத்து மேலே நீட்ட வேண்டும். Healing Brush வேண்டாம். அது பக்கத்து இருட்டை இழுத்துப் பல் ஓரத்தில் அழுக்கு மாதிரி பூசிவிடும். கடைசியில், நீல ரப்பரின் சாயல் கீழுதட்டு ஈரத்தில் விழுந்திருக்கும். Color மோடில் ஒரு லேயர் போட்டு, உதட்டு நிறத்தையே எடுத்து 20, 30 சதவீதத்தில் தடவினால் போய்விடும். இதை விட்டுவிட்டால் பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

சரியாக வந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். வேலை செய்த லேயர்களை அணைத்து அணைத்துப் போடுங்கள். கிளிப் வந்து வந்து போக வேண்டும், எந்தப் பல்லின் விளிம்பும் அசையக் கூடாது. அசைந்தால் அது வேறு ஆளுடைய பல். இரண்டாவது முறை அனுப்பிய படத்தில் தெத்துப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆல்பத்துக்குப் பாக்கியை மட்டும் அனுப்பினார்.

மஞ்சள் கறைக்கு இந்தச் சந்தாவே தேவையில்லை. Hue/Saturation-இல் Yellows எடுத்து Saturation-ஐ -40 வரை இறக்கி, பல்லுக்கு மட்டும் மாஸ்க் போட்டால் ஆயிற்று. கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெளுக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். வெற்றிலைக் கறைதான் முரண்டு பிடிக்கும். நிறத்தை எடுத்தால் சாம்பலாக நிற்கும், ஏனென்றால் அது இருட்டாகவும் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும்.

முன்பல் சந்தை அடைக்கச் சொன்னால், முதலில் சம்பந்தப்பட்டவரையே கேட்டுக்கொள்ளுங்கள். அதை அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அடைப்பதானால் நடுப்பல் இரண்டை மட்டும் அகலப்படுத்தாதீர்கள், முயல் பல் ஆகிவிடும். பல்லின் அகலம் உயரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே போனாலே கண்ணுக்குத் தட்டுப்படும். Liquify-இல் நான்கு பல்லுக்கும் துளித்துளியாகப் பிரித்துக் கொடுத்து, நடுவில் ஈறு முக்கோணத்தையும் ஒடுக்க வேண்டும். இந்த மென்பொருளோ, சந்தில் ஒரு புதுப் பல்லையே முளைக்க வைத்தது. ஒரு மாப்பிள்ளைக்கு நட்டநடுவில் ஒற்றைப் பல். சிரித்துவிட்டுத்தான் அழித்தேன்.

ஆக, அண்ணாச்சி, இவ்வளவு மெச்சிவிட்டுச் சொல்கிறேன்: போடாதீங்க. உங்க கடையில் சிஸ்டத்தில் உட்காருவது நீங்கள் இல்லை, அந்தப் பையன். அவன் வாய் முழுக்க ஒரே வட்டம்தான் போடுவான், எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் போட்டேன். அடம்பிடித்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். என்னுடையது 12-ஆம் தேதி முடிகிறது. விலை குறைந்ததைப் பார்த்ததும் இன்னும் ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன்.