அட்டைப் பெட்டியா, Anki செயலியா: சாலைச் சின்னங்களை ஐந்து வாரம் நினைவில் நிறுத்துவது எப்படி?

எல்.எல்.ஆர். தேர்வுக்கு முந்தைய இரவு கையேட்டை இருமுறை புரட்டியே தேறிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் எல்.எல்.ஆர். பெற்ற நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்தே ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், ஒரே இரவில் படித்த சின்னங்களில் பல அதற்குள் மறந்துபோயிருக்கும். முதலில் படித்த நாளிலிருந்து அந்தத் தேர்வு வரையிலான ஏறக்குறைய ஐந்து வாரத்திற்கு மறுவாசிப்பு உதவாது. பார்த்த படம் பழகியதாகத் தோன்றுமே தவிர, அதன் பொருள் தானாக நினைவுக்கு வராது. ஆகவே உண்மையான போட்டி, இடைவெளி விட்டு நினைவைச் சோதிக்கும் இரு வழிகளுக்கு இடையில்தான்: செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1970-களில் பரப்பிய அட்டைப் பெட்டி ஒன்று, Anki செயலி மற்றொன்று.

ஒரு பக்கம் சின்னமும் மறுபக்கம் அதன் பொருளும் உள்ள அட்டைகளுக்குப் பெட்டியில் நான்கு அறைகள் போதும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை இரு நாளுக்கொரு முறை, மூன்றாவதை நான்கு நாளுக்கொரு முறை, நான்காவதை வாரத்திற்கொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். ஒருமுறையும் தவறாத அட்டையை நாம் 1, 3, 7, 14, 21, 28-ஆம் நாள்களில் சந்திப்போம். தேர்வு நெருங்கும்வரை இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை.

அட்டை அடுத்து எப்போது வரும் என்று முடிவு செய்யும் Anki-யின் SM-2 கணக்கில், அமைப்புகளை மாற்றாமல் ஒவ்வொரு முறையும் 'சரியாகச் சொன்னேன்' என்பதற்கான Good பொத்தானை அழுத்தினால், அதே அட்டை ஏறக்குறைய 1, 4, 11-ஆம் நாள்களில் வந்துவிட்டு, பிறகு 30-ஆம் நாளில்தான் திரும்பும். ஆண்டுக்கணக்கில் மொழி கற்பவருக்கு இது சிக்கனம். தேதி குறித்த தேர்வுக்குச் செல்பவருக்கு அந்தப் பதினெட்டு, பத்தொன்பது நாள் இடைவெளி ஆபத்து. Deck Options-இல் Maximum interval என்பதை 7 என்று மாற்றினால், வரிசை 1, 4, 11, 18, 25 என்று பெட்டியை ஒட்டி வந்துவிடும். செயலியில் தோற்றுப்போகிறவர்களிடம் நான் காணும் இன்னொரு தவறு, மறந்துபோன அட்டைக்கு Again அழுத்தாமல் Hard அழுத்துவது. Hard என்பது 'சிரமப்பட்டேன், ஆனாலும் சரியாகச் சொன்னேன்' என்பதற்கானது. அதனால் மறந்த அட்டையும் தேறியதாகவே கணக்கில் சேர்ந்து, தள்ளியே வரும்.

இருப்பினும் சின்னங்களில் மறதியைவிடக் குழப்பமே பெரிய எதிரி என்பதால், அங்கே பெட்டியின் பக்கமே நிற்கிறேன். நீல வட்டத்தில் ஒரே சிவப்புக் கோடு இருந்தால் வாகனம் நிறுத்திவைக்கக் கூடாது. இரு கோடுகள் குறுக்காக வெட்டினால் சிறிது நேரம்கூட நிற்கவே கூடாது. எச்சரிக்கை முக்கோணத்தில் வேலிப் படம் ஆளுள்ள லெவல் கிராசிங்கையும், ரயில் எஞ்சின் படம் ஆளில்லா லெவல் கிராசிங்கையும் குறிக்கும். எஞ்சினைப் பார்த்ததும் 'ரயில் வரும், ஆகவே கேட் இருக்கும்' என்று எண்ணுவது இயல்பு. அட்டை மூன்றாவது முறையும் முதல் அறைக்குத் திரும்புவதே அதற்கு அடையாளம். அப்போது இரண்டு அட்டைகளையும் மேசைமேல் அருகருகே வைத்து, 'கேட் இருந்தால் வேலி. கேட் இல்லையென்றால் மிஞ்சுவது எஞ்சின் மட்டும்' என்று மூன்றாவது அட்டை ஒன்றை எழுதிச் சேர்ப்பேன். செயலி இவ்விரண்டையும் வெவ்வேறு நேரத்தில் தனித்தனியே காட்டுவதால் இந்த ஒப்பீடு தானாக நிகழாது. கையால் படம் வரையும்போது கோடு ஒன்றா இரண்டா என்று கவனித்தே ஆகவேண்டும் என்பதும் பெட்டிக்கே உரிய நன்மை. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த அட்டைத் தொகுப்புகளை நம்புவதற்கில்லை. அமெரிக்கத் தொகுப்பில் எச்சரிக்கைச் சின்னங்கள் மஞ்சள் சாய்சதுரமாக இருக்கும், நம் சாலையிலோ அவை சிவப்பு விளிம்பு முக்கோணங்கள்.

விதிகளுக்கு நிலைமை வேறு. அவற்றில் படமில்லை, எழுதவேண்டியது மிகுதி, பேருந்தில் நின்றபடியே பார்த்துவிடலாம். இவற்றுக்குச் செயலியே வசதி. ஆண்ட்ராய்டில் AnkiDroid இலவசம்; ஐபோன் செயலிக்குப் பணம் கட்டவேண்டும். ஒரு விதியை ஒரே அட்டையில் திணிப்பதுதான் இங்கே நேரும் பிழை. பழகுநர் வாகனத்தின் 'L' பலகையை எடுத்துக்கொள்வோம்: வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, வாகனத்தின் முன்னும் பின்னும், பலகை 18 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம். ஒரே அட்டையானால் நிறம் சொல்லி அளவை மறந்தவர் தேறினாரா இல்லையா என்றே முடிவு செய்ய இயலாது. நிறம், இடம், அளவு என மூன்று அட்டைகளாக்கினால் எது நிற்கவில்லை என்பது தெரிந்துவிடும். ஓட்டுநரின் ரத்தத்தில் மதுவுக்கான வரம்பும் அப்படியே: 'எவ்வளவு ரத்தத்தில் எவ்வளவு?' என்று கேட்டு, '100 மில்லிலிட்டரில் 30 மில்லிகிராம்' என்பதை மட்டும் விடையாக வைக்க வேண்டும்.

நாளுக்குப் பத்துப் புதிய அட்டை போதும். 90 அட்டைகள் இருந்தாலும் ஒன்பது நாளில் உள்ளே வந்துவிடும். கடைசி வாரத்தில் புதியது எதையும் சேர்க்காமல், பெட்டியின் முதல் அறையில் இன்னும் தங்கியிருப்பவற்றை மட்டும் காலையிலும் மாலையிலும் பார்க்கலாம்.